போன கூடை திரும்பி வருமா? அட்டைப்பெட்டிக்கும் சுழற்சிக் கூடைக்கும் ஒரு கணக்கு

நம் நாட்டில் பல வீடுகளின் பின்புறத்தில் ரொட்டிக் கம்பெனியின் பிளாஸ்டிக் தட்டு ஒன்று கிடக்கும். சிலர் அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே பூச்சட்டி வைத்திருப்பார்கள். சிலர் அதில் மிளகாய் காய வைப்பார்கள். பழைய பொருள்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று தோன்றும். ஆனால் அந்தத் தட்டு தூக்கி எறியப்பட்ட பொருளல்ல. தொழிற்சாலைக்குத் திரும்பி, கழுவப்பட்டு, மறுநாள் மீண்டும் ரொட்டி ஏற்ற வேண்டிய பொருள் அது. திரும்பாத ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் இந்த வாரக் கலந்துரையாடலின் மையக் கேள்வி. ஒரே சரக்கை, ஒரே வாடிக்கையாளருக்கு, வாரந்தோறும் அனுப்பும் சிறுதொழில் முதலாளிகள் பலருக்கு இப்போது பெரிய நிறுவனங்களிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. "இனி அட்டைப்பெட்டி வேண்டாம். திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் கூடையில் அனுப்புங்கள். பேலட்டும் வாடகைப் பேலட்டாக இருக்கட்டும்" என்று அதில் எழுதியிருக்கும். படிக்க நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. குப்பை குறையும், செலவும் குறையும். ஆனால் கூடை வாங்கும் பணம் யாருடையது, காணாமற்போனால் யார் கட்டுவது என்பதைப் பற்றிக் கடிதத்தில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

செனாயிலிருந்து ஷா ஆலாமுக்கு

கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஜோகூர், செனாயில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு சிறிய பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலை. அங்கே செய்யும் உறைப்பாகங்கள், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் ஷா ஆலாமிலுள்ள ஒரு மின்சாதனத் தொழிற்சாலைக்குப் போகின்றன. நாளொன்றுக்கு 1,200 பாகங்கள் தேவை. ஒரு பெட்டியில் 20 பாகங்கள். ஆக நாளுக்கு 60 பெட்டிகள், ஐந்து நாள் வேலை வாரத்துக்கு 300 பெட்டிகள், ஐம்பது வாரத்துக்கு 15,000 பெட்டிகள். செவ்வாய்க்கிழமை ஒரு லோரி, வெள்ளிக்கிழமை ஒரு லோரி.

இங்கே சொல்லப்படும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. படிப்பவர்கள் தங்கள் சொந்த விலைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். வழிமுறை மாறாது.

இப்போதைய அட்டைப்பெட்டி, உள்ளே வைக்கும் தடுப்பு, ஒட்டும் டேப் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 4 ரிங்கிட் 50 சென். ஆண்டுக்கு 67,500 ரிங்கிட். ஷா ஆலாமில் சரக்கை எடுத்ததும் இந்தப் பணம் பழைய காகிதக் கடைக்குப் போய்விடுகிறது.

எத்தனை கூடை வேண்டும்?

கூடைக்கு மாற நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு எண்ணிக்கையில்தான். "வாரத்துக்கு 300 பெட்டிதானே போகிறது, 300 கூடை வாங்கினால் போதாதா? வேண்டுமானால் 400 வாங்குவோம்" என்பார்கள். அப்படி வாங்கியவர்கள் இரண்டாம் வாரத்திலேயே கூடையில்லாமல் திண்டாடுவார்கள். காரணம் எளிது. கூடை லோரியில் மட்டும் இருப்பதில்லை. வழி நெடுக ஒவ்வோர் இடத்திலும் சில நாள் காத்திருக்கிறது.

செனாயில் பாகங்களை நிரப்பி லோரிக்குக் காத்திருக்கும் நாள் 3. பயணம் 1 நாள். ஷா ஆலாம் ஸ்டோரில் கையிருப்பாக 3 நாள். உற்பத்தி வரிசையில் பாகங்களை எடுத்து முடிக்க 1 நாள். காலிக் கூடை அடுத்த லோரி வரும்வரை கிடப்பது 2 நாள். திரும்பும் பயணம் 1 நாள். கழுவி, காய வைத்து, உடைந்ததைப் பிரிக்க 1 நாள். மொத்தம் 12 வேலை நாட்கள்.

நாளுக்கு 60 கூடை, 12 நாள் சுற்று. அறுபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 720 கூடைகள். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் தேவைப்படும் எண்ணிக்கை. ஒரு லோரி தாமதமாகும், சில கூடைகள் உடையும், ஒரு வாரம் ஆர்டர் கூடும். அதற்காக நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் 828. முழு எண்ணாக 830 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மடக்குக் கூடையின் விலை 45 ரிங்கிட் என்றால், முதல் நாளே கையிலிருந்து போடவேண்டிய பணம் 37,350 ரிங்கிட். இருபது பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு இது சிறிய தொகையல்ல. கடிதத்தைப் பார்த்ததும் தலையாட்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆண்டுச் செலவு

கூடை ஐந்தாண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 7,470 ரிங்கிட் தேய்மானம். ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டுக் கூடை காணாமற்போகும் அல்லது உடையும் என்றால், 66 கூடைக்கு 2,970 ரிங்கிட். கழுவும் செலவு ஒரு முறைக்கு 40 சென். 15,000 முறைக்கு 6,000 ரிங்கிட். கூடைகளை எண்ணி, பதிந்து, கணக்கு ஒப்பிடும் கிராணியின் நேரத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரிங்கிட்.

மீதி இருப்பது திரும்பும் லோரிக் கூலி. இதில்தான் மடக்குக் கூடையின் பயன் தெரியும். 600க்கு 400 மில்லிமீட்டர் அளவுள்ள கூடை, 1200க்கு 1000 பேலட்டில் ஓர் அடுக்குக்குச் சரியாக ஐந்து நிற்கும். நான்கு அடுக்கு வைத்தால் 20 கூடை. செவ்வாய்க்கிழமை லோரியில் 160 கூடைகள் எட்டு பேலட்டில் போகின்றன. திரும்பும்போது கூடையை மடக்கினால் உயரம் காற்பங்காகிவிடும். அதே 160 கூடைகள் இரண்டே பேலட்டில் அடங்கும். மடங்காத கூடையாக இருந்தால், காற்றை ஏற்றிக்கொண்டு எட்டு பேலட் இடம் திரும்ப வேண்டும்.

ஆனாலும் லோரிக்காரர் இலவசமாக ஏற்றமாட்டார். திரும்பும் வழியில் அவருக்கு வேறு சரக்குக் கிடைக்கலாம். அந்த இடத்தைக் கூடை அடைத்துக்கொள்கிறது. கூடைக்கு 1 ரிங்கிட் 20 சென் என்று பேசினால் ஆண்டுக்கு 18,000 ரிங்கிட்.

எல்லாம் கூட்டினால் 40,440 ரிங்கிட். அட்டைப்பெட்டிக்கு 67,500. ஆண்டுக்கு 27,060 ரிங்கிட் மிச்சம். தேய்மானத்தை விட்டுவிட்டு ரொக்கமாக மட்டும் பார்த்தால், போட்ட முதல் ஏறத்தாழ 13 மாதத்தில் திரும்பிவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு எல்லைக்கோடும் ஒளிந்திருக்கிறது. திரும்பும் கூலி கூடைக்கு 1 ரிங்கிட் 20 சென்னிலிருந்து ஏறிக்கொண்டே போய் 3 ரிங்கிட்டைத் தொட்டால், மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். அதற்கு மேல் போனால் அட்டைப்பெட்டியே மலிவு. ஆகவே தொலைவு கூடக்கூட, லோரி வரும் இடைவெளி நீளநீள, கூடையின் பயன் குறைகிறது. செனாயிலிருந்து ஷா ஆலாமுக்குச் சரிவரும் கணக்கு, கப்பலில் சரவாக் போய்வரும் கூடைக்குச் சரிவரும் என்று சொல்ல முடியாது.

கூடை எங்கே போகிறது?

மேலே சொன்ன கணக்கு தாளில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் அதைக் கெடுப்பது திருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். திருட்டும் உண்டு. ஆனால் கூடைகள் அதிகமாக முடங்குவது வாடிக்கையாளரின் சொந்தக் கட்டடத்துக்குள்தான்.

நல்ல உறுதியான கூடை கைக்கு எட்டும் தூரத்தில் காலியாகக் கிடந்தால் யாரும் சும்மா விடமாட்டார்கள். ஒரு பிரிவில் கழிவுப் பாகங்களைப் போட்டு வைப்பார்கள். இன்னொரு பிரிவில் பாதி முடிந்த வேலையை அடுக்குவார்கள். பராமரிப்புப் பிரிவில் கருவிகள் கிடக்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அந்தக் கூடை சுற்றிலிருந்து விலகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை லோரி போனதும் இறக்குமிடத்தில் வழக்கமாக நடக்கும் உரையாடல் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, போன வாரம் 160 கூடை இறக்கினேன். இப்போ 118தான் அடுக்கி வச்சிருக்கீங்க?"

"மீதி உள்ளே இருக்கும் தம்பி. லைன்ல வேலை முடியல. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்க."

"அப்போ 118னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கண்ணே."

"அவசரமா? எல்லாம் சேர்த்து அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த "அப்புறம்" வருவதேயில்லை. லோரிக்காரருக்கு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். கிராணிக்கு வேறு லோரி காத்திருக்கிறது. 42 கூடைகள் யார் கணக்கிலும் இல்லாமல் போய்விடுகின்றன.

இப்படிச் சுற்று 12 நாளிலிருந்து 20 நாளாக நீண்டால் என்ன ஆகும்? அறுபதை இருபதால் பெருக்கினால் 1,200. பதினைந்து விழுக்காடு சேர்த்தால் 1,380 கூடைகள். அதாவது இன்னும் 550 கூடைகள் வாங்க வேண்டும். கூடுதலாக 24,750 ரிங்கிட். ஆர்டர் கூடவில்லை, விற்பனை உயரவில்லை. கூடைகள் எங்கோ சும்மா கிடப்பதற்காக மட்டும் இந்தப் பணம்.

பெரும்பாலோர் அந்தப் பணத்தைப் போடுவதுமில்லை. கூடை தீர்ந்ததும் அவசரத்துக்கு அட்டைப்பெட்டி வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அப்போது கூடைக்குப் போட்ட முதலும் முடங்குகிறது, அட்டைப்பெட்டிச் செலவும் தொடர்கிறது. சுழற்சிக் கூடை நட்டம் என்று சொல்பவர்களில் பலர் இந்த இரட்டைச் செலவில் மாட்டியவர்கள்தான்.

முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டு எண்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, வாரக் கணக்கு. போன வார முடிவில் வாடிக்கையாளரிடம் இருந்த கூடைகள், அதோடு இந்த வாரம் அனுப்பியவை, அதில் திரும்பி வந்தவற்றைக் கழித்தால் இப்போது அங்கே இருக்க வேண்டிய எண்ணிக்கை கிடைக்கும். சுற்றில் சரக்காகவும் காலியாகவும் ஷா ஆலாமில் இருக்கும் காலம் 6 நாள் என்று முன்பே கண்டோம். நாளுக்கு 60 வீதம் அங்கே 360 கூடைகள் இருப்பது இயல்பு. அது 400, 450 என்று வாராவாரம் ஏறினால், கூடைகள் உள்ளே தேங்குகின்றன என்று பொருள். 830 கூடைகளும் தீர்ந்து கை வெறுமையாகும் நாளுக்குப் பல வாரங்கள் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, ஒரு கூடை ஆண்டில் எத்தனை முறை போய்வருகிறது என்பது. 15,000 பயணத்தை 830 கூடையால் வகுத்தால் 18. கையில் 830 கூடை இருக்கும்போது இந்த எண் 12 ஆகக் குறைந்தால், மூன்றில் ஒரு பங்கு சரக்கு கூடையில்லாமல் போகிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு உண்மையாக இருக்க, டி.ஓ.வில் சரக்குக்கு ஒரு வரி இருப்பதுபோல் கூடைக்கும் தனி வரி இருக்க வேண்டும். இறக்கியது இத்தனை, காலியாக ஏற்றியது இத்தனை, இரு தரப்புக் கையெழுத்து. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் ஷா ஆலாமுக்கு நேரில் போய்க் கூடைகளை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. வேறெங்கும் இல்லாத நிறத்தில் கூடையை வாங்கிப் பெயரை அச்சிட்டால், கழிவுப் பாகங்களுக்கு நடுவே கிடந்தாலும் கண்ணில் படும்.

பேலட் மட்டும் ஏன் வாடகைக்கு?

கூடை இரண்டு கம்பெனிகளுக்கு இடையே மட்டும் ஓடுகிறது. அதன் அளவும் உள்தடுப்பும் அந்தப் பாகத்துக்கென்றே அமைந்தவை. பேலட் அப்படியல்ல. இன்று பிளாஸ்டிக் பாகம் ஏற்றிய பேலட், நாளை பால்டின் ஏற்றலாம். ஆகவே பேலட்டை ஆளுக்கு ஆள் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல், ஒரு நிறுவனம் மொத்தமாக வைத்திருந்து எல்லாருக்கும் வாடகைக்கு விடும் முறை வளர்ந்தது. இதைத்தான் பேலட் கூட்டுத்தொகுப்பு என்கிறார்கள்.

இதன் தொடக்கம் ஆஸ்திரேலியாவில். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் அங்கே கொண்டுவந்திருந்த பேலட்டுகளும் தூக்கு இயந்திரங்களும் போர் முடிந்ததும் அங்கேயே நின்றுவிட்டன. அவற்றைப் பராமரித்து வாடகைக்கு விட ஆஸ்திரேலிய அரசாங்கம் ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. பின்னர் அது தனியார்மயமாகி, 1958இல் பிரேம்பிள்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இன்று நீல நிறப் பேலட்டுகளால் உலகெங்கும் அறியப்படும் செப் நிறுவனம் அதுதான். நம் வட்டாரக் கிடங்குகளில் காணும் சிவப்புப் பேலட்டுகள் லாஸ்காம் நிறுவனத்துடையவை. நிறம் அழகுக்காக அல்ல. இது யாருடைய சொத்து என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக.

செனாய்த் தொழிற்சாலை தேவையான பேலட்டுகளைத் தொகுப்பு நிறுவனத்திடமிருந்து எடுக்கிறது. எடுத்த நாளிலிருந்து நாள் வாடகை ஓடும். சரக்கோடு பேலட் ஷா ஆலாம் போனதும், அங்கேயும் அதே நிறுவனத்தில் கணக்கு இருந்தால், ஒரு மாற்றுச்சீட்டு மூலம் அந்தப் பேலட்டுகள் அவர்கள் கணக்குக்கு மாறும். மறுநாளிலிருந்து வாடகை அவர்களுடையது. கணக்கு இல்லாவிட்டால், காலிப் பேலட்டைத் தொகுப்பு நிறுவனம் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். காலிப் பேலட்டை 300 கிலோமீட்டர் திரும்பக் கொண்டுவரும் வேலை செனாய்க்காரருக்கு இல்லை. இந்த முறையின் உண்மையான இலாபம் இதுதான்.

ஆபத்தும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. சீட்டு அனுப்பப்படாவிட்டாலோ, மறு தரப்பு ஏற்காவிட்டாலோ, பேலட் ஷா ஆலாமில் இருந்தாலும் வாடகை செனாய்க்கே வரும். நாளுக்கு 20 சென் என்று வைத்துக்கொண்டால், ஒரு பேலட்டுக்கு அது பெரிதாகத் தெரியாது. மறந்துபோன 30 பேலட்டுக்கு ஓராண்டில் 2,190 ரிங்கிட். அதற்குப் பிறகும் பேலட் கிடைக்காவிட்டால் இழப்பீடு தனி. எத்தனை ஆண்டு வாடகை கட்டினாலும் பேலட் சொந்தமாவதில்லை. அதைக் கடையில் விற்பதற்கும் உரிமையில்லை.

இறக்குமிடத்தில் நடக்கும் இன்னொரு தவறு, மாற்றிக்கொள்வது. சிவப்புப் பேலட் எட்டு இறக்கிவிட்டு, "எதுவாக இருந்தால் என்ன" என்று எட்டு சாதாரண மரப் பேலட்டை ஏற்றிக்கொண்டு வருவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் தொகுப்பு நிறுவனத்தின் கணக்கில் அந்த எட்டுச் சிவப்புப் பேலட்டும் செனாயின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அட்டைப்பெட்டி எங்கே வெல்லும்?

வாடிக்கையாளர்கள் பலர், ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் சரக்கு, எப்போது ஆர்டர் வரும் என்று தெரியாது என்ற நிலையில் கூடை சரிவராது. கூடை சுற்ற வேண்டுமானால் போக்குவரத்து ஒழுங்காக இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் வடிவம் மாறக்கூடிய பாகத்துக்கென்று உள்தடுப்போடு கூடை செய்வதும் நட்டம். வெளிநாட்டுக்கு ஒருமுறை போகும் சரக்குக்கு ஒருவழிப் பெட்டியும் ஒருவழிப் பேலட்டுமே ஏற்றவை.

வெளிநாடு என்றதும் நினைவில் வைக்கவேண்டிய ஒன்று உண்டு. பச்சை மரப் பேலட்டில் பூச்சிகள் பயணம் செய்யக்கூடும் என்பதால், ஐ.எஸ்.பி.எம். 15 என்ற அனைத்துலக விதி 2002இல் ஏற்கப்பட்டது. வெப்பமூட்டும் முறையில் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும்; அதற்கான முத்திரை மரத்தில் பதிந்திருக்க வேண்டும். முத்திரையில்லாத மரப் பேலட்டைத் துறைமுகத்தில் நிறுத்திவிடலாம். பிளாஸ்டிக் பேலட்டுக்கு இந்த விதி கிடையாது.

குப்பை குறைவதும் கூடை எத்தனை முறை சுற்றுகிறது என்பதைப் பொறுத்ததே. ஒரு கூடை செய்ய, ஓர் அட்டைப்பெட்டியைவிடப் பல மடங்கு மூலப்பொருள் தேவை. ஐந்து பயணத்தில் காணாமற்போகும் கூடை பணத்துக்கும் நட்டம், சுற்றுச்சூழலுக்கும் நட்டம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

செனாய்த் தொழிற்சாலையின் தவுக்கே இப்போது என்ன செய்யலாம்? கடிதத்துக்கு மறுப்புச் சொல்லத் தேவையில்லை. கணக்கு அவருக்கும் இலாபம்தான். ஆனால் நான்கு வரிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூடை யாருடைய சொத்து? பல பெரிய தொழிற்சாலைகள் கூடையைத் தாங்களே வாங்கித் தருவதுண்டு. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. தராவிட்டால், கூடையின் விலையைப் பாகத்தின் விலையில் பகிர்ந்து சேர்க்க இடம் உண்டா? காலிக் கூடையை எத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் என்ன? எடுத்துக்காட்டில் அது 6 நாள். மாத முடிவில் எண்ணும்போது குறையும் கூடைக்குப் பணம் கட்டுவது யார்?

முற்காலத்தில் கடையில் சோடா வாங்கினால் போத்தலுக்கு முன்பணம் வைத்துவிட்டு வருவோம். போத்தல் திரும்பினால் பணம் திரும்பும். அந்த முன்பணம் இருந்ததால்தான் சிறுவர்கள்கூடப் போத்தலைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கூடைக்கும் அதே முறை பொருந்தும். அனுப்பும்போது ஒவ்வொரு கூடைக்கும் ஒரு முன்பணத்தைப் பில்லில் சேர்த்து, திரும்பியதும் கழித்துக்கொண்டால், இறக்குமிடத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு தானாகவே குறையும். கழிவுப் பாகங்களுக்கு நடுவே கிடக்கும் கூடையையும் யாராவது ஒருவர் தேடி எடுத்து லோரியில் ஏற்றிவிடுவார்.